தாமதமாகவும் உடைந்தும் போய்ச் சேர்ந்த பார்சல்: எந்த மன்னிப்புக் கடிதத்தை அனுப்புவது?

பொங்கலுக்காக வாங்கிய பானை பொங்கல் முடிந்த பிறகு, அதுவும் உடைந்து வந்து சேர்ந்தால், விற்ற கடைக்காரர் என்ன எழுத வேண்டும்? பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம் இருக்கும் சின்னக் கடைகள் சிலவற்றுக்கு நான் கணக்கும் கடிதமும் எழுதிக் கொடுக்கிறேன். அவர்கள் இப்போது வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து நாடு முழுக்க அனுப்புகிறார்கள். ஜனவரியிலும் தீபாவளிக்கு முன்பும் இந்தக் கேள்வி தவறாமல் வரும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எப்படிக் கேட்பது, கூடவே என்ன கொடுப்பது என்பதில்தான் கடைக்குக் கடை வழி மாறுகிறது.

ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். சிரம்பானில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் ஜனவரி 5 அன்று பணம் கட்டி வாங்கியது இது: மண்பானை இரண்டு, ஒன்று 24 ரிங்கிட். பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று, 138 ரிங்கிட். அனுப்பும் செலவு 16. மொத்தம் 202 ரிங்கிட். 12ஆம் தேதிக்குள் வந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பொங்கல் 15ஆம் தேதி. பார்சல் போய்ச் சேர்ந்ததோ 17ஆம் தேதி, கன்னிப் பொங்கலன்று. ஒரு பானை இரண்டாகப் பிளந்திருந்தது. இன்னொன்றின் விளிம்பு பெயர்ந்திருந்தது. குத்துவிளக்கின் எண்ணெய்த் தட்டு நெளிந்து, மேலே இருக்கும் அன்னத்தின் திருகு மறை உடைந்திருந்தது. அன்று மாலையே அவர் படங்களோடு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்.

கடிதத்தை எழுத உட்காரும் முன் முடிவு செய்ய வேண்டியது ஈடு. பலர் முதலில் வார்த்தைகளைத் தேடுகிறார்கள். என்ன கொடுக்கப் போகிறோம் என்று தெரியாமல் எழுதும் கடிதத்தில் மன்னிப்பு வார்த்தைகள்தான் பெருகும். அதனால் முதலில் ஈட்டை ஒப்பிடுவோம், அப்புறம் கடிதத்துக்கு வருவோம்.

நான்கு வழிகள் இருக்கின்றன. முழுப் பணத்தையும் திருப்பித் தருவது ஒன்று. எல்லாவற்றையும் புதிதாக அனுப்புவது இன்னொன்று. அடுத்த முறை 20 விழுக்காடு தள்ளுபடி என்று கூப்பன் கொடுப்பது மூன்றாவது. பொருளுக்குப் பொருள் பிரித்துப் பார்த்து, சிலவற்றுக்குப் பணமும் சிலவற்றுக்குப் புதிய பொருளும் தருவது நான்காவது.

கடைக்காரர்களுக்கு முதலில் தோன்றுவது இரண்டாவது வழி, எல்லாவற்றையும் புதிதாக அனுப்பிவிடுவது. கணக்கிலும் அது மலிவாகத் தெரியும். விளக்கின் கொள்முதல் விலை 92, பானை இரண்டுக்கும் சேர்த்து 26, மறுபடி அனுப்ப 16, ஆக 134 ரிங்கிட். ஆனால் இந்த ஆர்டரில் நடந்த தவறு ஒன்று அல்ல, இரண்டு. உடைந்தது ஒரு தவறு, தாமதம் இன்னொரு தவறு. உடைந்ததைப் புதிய பொருள் சரிசெய்யும். தாமதத்தை அது சரிசெய்யாது. பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்து வரும் பொங்கல் பானையை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் என்ன செய்யும்? அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கலாமே என்று ஒரு கடைக்காரர் என்னிடம் கேட்டார். புதுப் பானையில் பொங்கல் வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஆண்டுதோறும் மக்கள் அவர் கடைக்கே வருகிறார்கள். அதனால் பானைக்கு மாற்றுப் பானை ஈடாகாது. அதற்குப் பணம்தான்.

விளக்கு அப்படி இல்லை. அது பூசை அறையில் ஆண்டு முழுக்க இருக்கும் பொருள். ஒரு வாரம் தாமதமாக வந்தாலும் பயன்படும். அவருக்கு இன்னமும் விளக்கு தேவைதான். அதே விளக்கைப் புதுமனை புகுவிழாவுக்காக வாங்கி, விழாவும் முடிந்துவிட்டது என்றால் கதை வேறு. அப்போது அதுவும் பானையைப் போலத்தான். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது இப்போது வந்தால் அவருக்கு உதவுமா? உதவும் என்றால் புதிய பொருளா பணமா என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும். உதவாது என்றால் கேட்காமலே பணத்தைத் திருப்புங்கள்.

இந்த நான்காவது வழியில் கடைக்கு ஆகும் செலவைப் பாருங்கள். பானைக்கு 48, அனுப்பும் செலவு 16, இரண்டும் சேர்த்து 64 ரிங்கிட் திருப்பித் தர வேண்டும். புதிய விளக்கு கேட்டால் 92, அதை அனுப்ப 16. மொத்தம் 172. முழுப் பணமும் திருப்பினால் 202. இரண்டுக்கும் வித்தியாசம் 30 ரிங்கிட்தான். அப்படியென்றால் முழுப் பணத்தையும் தந்து முடித்துவிடலாமே என்று தோன்றலாம். அவரே பணம்தான் வேண்டும் என்று எழுதியிருந்தால் அப்படியே செய்யுங்கள், வேறு எதையும் நீட்டிப் பேரம் பேசாதீர்கள். அவர் எதுவும் கேட்காமல் வருத்தத்தை மட்டும் எழுதியிருந்தால் நான் பிரித்துத் தரும் வழியைத்தான் சொல்வேன். முழுப் பணத்தையும் சட்டென்று திருப்பும்போது விளக்குத் தேடும் வேலை மறுபடி அவர் தலையில் விழுகிறது. ஆளை விட்டால் போதும் என்று கடை நினைப்பதாகவும் படலாம்.

கூப்பனை இந்த நேரத்தில் நீட்டுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. தனக்கு ஏற்பட்ட நட்டத்தைத் திரும்பப் பெற அவர் மறுபடி உங்களிடமே பணம் கட்ட வேண்டும், மறுபடி உங்கள் பார்சலை நம்ப வேண்டும். நம்பிக்கை போயிருக்கும் அதே நாளில் அதைக் கேட்பது நியாயம் இல்லை.

உடைந்த பாகத்தை மட்டும் அனுப்பலாமா என்றும் கேட்பார்கள். குத்துவிளக்கு அடிப்பாகம், தண்டு, தட்டு, அன்னம் என்று தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடியதுதான். ஆனால் ஒரே அளவு விளக்காக இருந்தாலும் ஒவ்வொரு வார்ப்பிலும் மறை கொஞ்சம் மாறும். கடையில் இருக்கும் தட்டு அவர் வீட்டுத் தண்டில் உட்காராமல் ஆடினால் மூன்றாவது தவறும் சேர்ந்துவிடும். அவரிடம் இருக்கும் விளக்கோடு பொருந்துமா என்று பார்க்க வழியில்லாதபோது முழு விளக்காக அனுப்புவதே நல்லது. பழையதைத் திருப்பிக் கேட்கவும் வேண்டாம். அதற்கும் 16 ரிங்கிட் செலவு, கட்டி அனுப்பும் வேலை அவருக்கு.

சரி, கடிதத்துக்கு வருவோம். இந்தக் கடைகளில் நான் பார்க்கும் கடிதங்கள் பெரும்பாலும் மூன்று வகைதான்.

முதல் வகை காரணம் சொல்லும் கடிதம். அது இப்படித் தொடங்கும்: “விழாக்கால நெரிசலால் கூரியர் நிறுவனத்தில் தாமதம் ஏற்பட்டுள்ளது. பார்சல் எங்கள் கடையை விட்டுச் செல்லும்போது நல்ல நிலையில் இருந்தது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.” இதில் சொல்லியது எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் பணம் கட்டியது கடைக்கு. கூரியரைத் தேர்ந்தெடுத்ததும், பெட்டியில் அடுக்கியதும், 12ஆம் தேதி என்று சொன்னதும் கடை. ‘சிரமம்’ என்ற வார்த்தையில் என்ன நடந்தது என்பதே மறைந்துபோகிறது. படிப்பவருக்கு இது பதில் கடிதமாகத் தெரியாது, வழக்குக்கு எழுதிய மறுப்பாகத்தான் தெரியும்.

இப்படி எழுதுபவர்களுக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கிறது. எழுத்தில் தவறை ஒப்புக்கொண்டால் நாளைக்கு அதையே காட்டி வழக்குப் போடுவார்களோ என்று. மலேசியாவில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 இருக்கிறது. அதன் கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. 202 ரிங்கிட் ஆர்டருக்கும் வாடிக்கையாளர் அங்கே போகலாம். பானை இரண்டாகப் பிளந்த படம் அவரிடம் இருக்கும்போது, நீங்கள் ஒப்புக்கொள்ளாததால் உங்கள் பக்கம் பலம் கூடப் போவதில்லை. ரசீதில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருந்தாலும், சட்டம் வாங்குபவருக்குத் தரும் உரிமையை அந்த வரி பறிக்காது. உடனே ஈடு கொடுத்த கடிதம் ஒன்று இருந்தால் தீர்ப்பாயம் வரை போக அவருக்குக் காரணமே இருக்காது.

இரண்டாவது வகை உருகும் கடிதம். “உங்கள் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும் என்று நினைத்தாலே எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. ஆயிரம் முறை மன்னிப்புக் கேட்கிறோம். எங்களை மன்னித்து, தொடர்ந்து ஆதரவு தர வேண்டுகிறோம்.” நல்ல மனதோடுதான் இப்படி எழுதுகிறார்கள். முதல் வகையைவிட இது மேல், சந்தேகமில்லை. ஆனால் படித்து முடித்ததும் வாடிக்கையாளருக்கு இரண்டு கேள்விகள் மிஞ்சும்: என் பணம் என்ன ஆகும்? இது எப்படி நடந்தது? அதோடு கடிதம் கடைக்காரரின் வருத்தத்தையே பேசுவதால், ஆறுதல் சொல்ல வேண்டிய கடமை வாடிக்கையாளர் பக்கம் போய்விடுகிறது.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கியும் உடனிருந்தவர்களும் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதையேதான் ஆராய்ந்தது. மன்னிப்பை ஆறு பகுதிகளாகப் பிரித்தார்கள்: வருத்தம் தெரிவிப்பது, எங்கே தவறியது என்று விளக்குவது, பொறுப்பை ஏற்பது, இனி நடக்காது என்று சொல்வது, ஈடு செய்வது, மன்னிக்கும்படி கேட்பது. கேட்பவர்களிடம் அதிகம் எடுபட்டது பொறுப்பேற்பு. அடுத்தது ஈடு. மன்னிக்கும்படி வேண்டுவதுதான் கடைசியில் நின்றது, அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்னும் அளவுக்கு. உருகும் கடிதத்தில் அந்தக் கடைசிப் பகுதிதான் நிறைந்திருக்கிறது.

மூன்றாவது வகை நான் எழுதச் சொல்லும் கடிதம். நடந்ததைப் பெயர் சொல்லிச் சொல்கிறது, தவறை ஏற்கிறது, ஈட்டின் ஒரு பகுதியை ஏற்கெனவே செய்துவிட்டு எழுதுகிறது. மேலே சொன்ன ஆர்டருக்கு அது இப்படி இருக்கும்:

> தலைப்பு: ஆர்டர் 1147 – உடைந்த பானைகள், நெளிந்த விளக்கு. 64 ரிங்கிட் திருப்பி அனுப்பிவிட்டேன்
>
> வணக்கம் அக்கா,
>
> 12ஆம் தேதிக்குள் வந்துவிடும் என்று சொல்லித்தான் உங்களிடம் ஆர்டர் எடுத்தேன். 17ஆம் தேதிதான் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு பானை உடைந்தும், இன்னொன்று விளிம்பு பெயர்ந்தும், குத்துவிளக்கின் தட்டு நெளிந்தும், அன்னத்தின் மறை உடைந்தும் வந்திருப்பதைப் படங்களில் பார்த்தேன். பொங்கலன்று பானை இல்லாமல் உங்களைத் தவிக்க விட்டதற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.
>
> தவறு என்னுடையது. 9ஆம் தேதிதான் பார்சலைக் கூரியரில் கொடுத்தேன். பொங்கல் வாரத்தில் அது போதாது. மண்பானைகளையும் கனமான விளக்கையும் ஒரே பெட்டியில் வைத்ததால் விளக்கு நகர்ந்து பானைகளில் இடித்திருக்கிறது.
>
> பானைகளின் விலை 48 ரிங்கிட், அனுப்பும் செலவு 16 ரிங்கிட், மொத்தம் 64 ரிங்கிட்டை நீங்கள் பணம் அனுப்பிய அதே கணக்குக்கு இன்று காலை திருப்பி அனுப்பிவிட்டேன்.
>
> விளக்குக்குப் புதியது வேண்டுமா, 138 ரிங்கிட் வேண்டுமா என்று நீங்கள் சொல்லுங்கள். “விளக்கு” அல்லது “பணம்” என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். புதிய விளக்கு என்றால் உங்கள் பதில் வந்த மறுநாள், பாகம் பாகமாகக் கழற்றித் தனித்தனியாகச் சுற்றி, என் செலவில் அனுப்புகிறேன். 26ஆம் தேதிக்குள் உங்களிடமிருந்து எதுவும் வரவில்லை என்றால் பணத்தை அதே கணக்குக்கு அனுப்பிவிடுவேன். பழைய விளக்கையும் பானைகளையும் திருப்பி அனுப்ப வேண்டாம்.
>
> முடிந்தால் ஓர் உதவி. பெட்டியின் வெளிப்புறத்தையும் அதில் ஒட்டியிருக்கும் சீட்டையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கூரியரிடம் நான் கேட்பதற்கு அது உதவும். உங்கள் பணமும் விளக்கும் அதற்காகக் காத்திருக்காது.

கையெழுத்துக்குக் கீழே கடைக்காரரின் பெயரும், ஆர்டர் எடுத்தபோது பேசிய அதே கைப்பேசி எண்ணும் இருக்க வேண்டும்.

இதில் சில இடங்களை விளக்க வேண்டும். தலைப்பில் ஆர்டர் எண்ணையும் பொருள்களின் பெயரையும் போட்டதற்குக் காரணம், மோசடி பற்றி இங்கே எல்லோருக்கும் இருக்கும் பயம். ‘உங்களுக்குப் பணம் திருப்பித் தருகிறோம், இந்த இணைப்பைத் தட்டுங்கள்’ என்று வரும் செய்தியை இன்று யாரும் நம்புவதில்லை, நம்பவும் கூடாது. அதனால் இணைப்பு எதுவும் வைக்காதீர்கள். வங்கி விவரம் கேட்காதீர்கள். பணம் வந்த கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். அது தெரியவில்லை என்றால் கைப்பேசி எண்ணுக்கு டூயிட்நவ் வழி அனுப்பலாம். திரையில் தெரியும் பெயர் ஆர்டரில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே உறுதி செய்யுங்கள்.

விளிம்பு பெயர்ந்த பானையைப் பற்றி ‘அதை நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்று கடைக்காரர்கள் சேர்க்கப் பார்ப்பார்கள். சேர்க்க வேண்டாம். அடிபட்ட மண்பானையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம். விரலால் தட்டினால் நல்ல பானை கணீரென்று ஒலிக்கும், கீறல் விழுந்தது மந்தமாக ஒலிக்கும். பினாங்கில் இருந்துகொண்டு அதைத் தட்டிப் பார்க்க முடியாது. அடுப்பில் வைத்துத் தண்ணீர் கொதிக்கும்போது அது பிளந்தால் காயம்பட வாய்ப்பு உண்டு. அதோடு, பொங்கல் சமயத்தில் உடைந்த பானை வீட்டுக்குள் வந்ததே சில குடும்பங்களுக்கு மனக்கஷ்டம். அதற்கு உள்ளே இருக்கும் வருத்தத்தை நாம் அளக்க வேண்டாம், ஆறுதல் என்ற பெயரில் சாஸ்திர விளக்கமும் வேண்டாம்.

படம் கேட்கும் பத்தி கடைசியில் இருப்பதும் வேண்டுமென்றேதான். கூரியர்களிடம் இழப்பீடு கேட்கப் பெரும்பாலும் சில நாள்கள்தான் அவகாசம். வெளிப்பெட்டியின் படமும் சீட்டின் படமும் கேட்பார்கள். உடையும் பொருள் என்றால் பொறுப்பே ஏற்காத விதிகளும் உண்டு. அதனால் அந்தப் பணம் வரலாம், வராமலும் போகலாம். ‘கூரியர் விசாரணை முடிந்ததும் தெரிவிக்கிறோம்’ என்று வாடிக்கையாளரின் பணத்தை அதோடு கட்டிப்போட்டால் வாரக்கணக்கில் இழுக்கும். அது உங்களுக்கும் கூரியருக்கும் உள்ள கணக்கு. முதலில் அவருக்குத் தீர்த்துவிட்டு, அப்புறம் அதைப் பாருங்கள்.

காரணத்தை எழுதவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் கடிதத்திலும் காரணம் இருக்கிறது, மூன்றாவதிலும் இருக்கிறது. முதலாவதில் காரணம் கடைக்கு வெளியே நிற்கிறது: நெரிசல், கூரியர். மூன்றாவதில் கடைக்கு உள்ளே நிற்கிறது: 9ஆம் தேதி கொடுத்தது, ஒரே பெட்டியில் வைத்தது. அடுத்த முறை என்ன மாறும் என்பதை வாடிக்கையாளர் அதிலேயே கண்டுகொள்வார். ஆனால் காரணம் உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள். பெட்டியின் ஒரு மூலை நசுங்கி, அந்தப் பக்கத்துப் பொருள் மட்டும் உடைந்திருந்தால் வெளியிலிருந்து அடி விழுந்திருக்கிறது. பெட்டி நன்றாக இருந்து உள்ளே உடைந்திருந்தால் பொருள்கள் தளர்வாக இருந்து ஒன்றோடொன்று மோதியிருக்கின்றன. அவர் அனுப்பிய படங்களிலேயே இது பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால் ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று ஒரு வரி போதும்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். அவர் எந்த மொழியில் எழுதினாரோ அதில் பதில் எழுதுங்கள். தமிழ் பேசும் வீடாக இருந்தாலும் தேசியப் பள்ளியில் படித்து, தமிழ் எழுத்தை வாசிக்கத் தடுமாறும் வாடிக்கையாளர்கள் நிறைய பேர். அவர்களுக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ, இதே வரிசையில், இதே நீளத்தில் எழுதலாம். அழைப்பும் அப்படித்தான். ஆர்டர் எடுக்கும்போது ‘அக்கா’ என்று பேசியிருந்தால் மன்னிப்புக் கடிதத்திலும் அக்காவே இருக்கட்டும். திடீரென்று ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களே’ என்று மாறினால் கடைக்காரர் விலகி நின்றுகொண்டதாகத் தோன்றும்.

மின்னஞ்சலா வாட்ஸ்அப்பா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. அவர் மின்னஞ்சலில் எழுதியதால் கடிதம் மின்னஞ்சலில் போக வேண்டும். தொகை, தேதி எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது இருவருக்கும் நல்லது. அனுப்பிய பிறகு ‘மின்னஞ்சலில் எழுதியிருக்கிறேன் அக்கா, பாருங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடலாம்.

அவர் 17ஆம் தேதி மாலை எழுதினார் என்றால் 18ஆம் தேதி மதியத்துக்குள் இந்தக் கடிதம் போய்விட வேண்டும். ஈடு என்ன என்று கடைக்காரரே முடிவெடுக்கக்கூடிய தொகைதான் இது. முதலில் ‘கிடைத்தது, விசாரிக்கிறோம்’ என்று ஒன்று, மூன்று நாள் கழித்து இன்னொன்று என்று இரண்டாகப் பிரிக்கத் தேவையில்லை. பெரிய தொகையாக இருந்து கூட்டாளியைக் கேட்க வேண்டியிருந்தால் மட்டும் முதல் கடிதத்தை உடனே அனுப்பி, எந்தத் தேதியில் முழுப் பதில் வரும் என்று அதில் எழுதுங்கள்.

26ஆம் தேதி வரை பதில் வராவிட்டால் சொன்னபடி 138 ரிங்கிட்டை அனுப்பிவிடுங்கள். அனுப்பிய ரசீதை இரண்டே வரியில் அதே மின்னஞ்சலுக்குப் பதிலாகப் போட்டு வையுங்கள். அதற்கும் பதில் வராமல் போகலாம். மறுபடி மறுபடி ‘பணம் வந்ததா, திருப்திதானா’ என்று கேட்டு எழுத வேண்டாம்.